நூல் வந்துவிட்டது: கைப்பேசியில் இரண்டு மொழியில் செய்தி அனுப்புவது பற்றி



திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். நூல் வரவு, துணி அனுப்புவது, ஆட்களின் வருகைப் பதிவு எல்லாம் என் மேசைக்கு வரும். குடோனில் மூட்டை இறக்கி ஏற்றுகிற ஆட்களுக்கு ஒரு மேஸ்திரி இருக்கிறார். பீகார்காரர். எனக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் கொஞ்சம் பேச வரும், படிக்க வராது. எனக்கும் அவருக்கும் நடுவில் கைப்பேசிதான் இருக்கிறது. அந்தக் கைப்பேசியின் விசைப்பலகையில் உள்ள மொழிபெயர்ப்பு வசதியையும் கிளிப்போர்டையும் தினமும் பயன்படுத்தி நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஒரு காலைப் பொழுதில் நூல் லாரி வந்து குடோன் வாசலில் நின்றது. நான் மேஸ்திரிக்கு மூன்று வரி அனுப்பினேன். தமிழில் நான் எழுதியது இது: "நூல் வந்துவிட்டது. மணி வந்ததும் இறக்குங்கள். நாளை ஆறு பேர் போதும்." மணி என்பவர் எங்கள் ஸ்டோர் பொறுப்பாளர். அவர் வந்து மூட்டைகளை எண்ணி, ரசீதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறக்க வேண்டும் என்பது வழக்கம். செய்தி இந்தியில் மாறிப் போனது. மேஸ்திரியும் பார்த்துவிட்டார். மணி பத்து நிமிடத்தில் வந்தார். ஆட்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். டீ மணி அடித்தது. உடனே எல்லோரும் எழுந்துபோய் இறக்க ஆரம்பித்தார்கள்.

இந்தி படிக்கத் தெரிந்த ஒரு தம்பியிடம் கைப்பேசியைக் கொடுத்து, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "புத்தகம் வந்துவிட்டது. மணி அடித்ததும் இறக்குங்கள்" என்று இருந்தது. வாசலில் லாரி நின்றதால் 'புத்தகம்' என்ன என்று மேஸ்திரி தானாகவே புரிந்துகொண்டார். மணியை மட்டும் அவரால் யூகிக்க முடியவில்லை. எப்படி முடியும்? மணி அடித்ததும் இறக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது, அவர் அதைச் சரியாகவே செய்தார். தப்பு என் வாக்கியத்தில் இருந்தது. நூல், மணி என்ற இரண்டு இரட்டைப் பொருள் சொற்களை அடுத்தடுத்து வைத்தது நான்தான்.

இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டே பேசுகிறேன். முதலில், விசைப்பலகையில் மொழிபெயர்ப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பலரும் வைத்திருக்கும் ஜிபோர்டை எடுத்துக்கொள்கிறேன். எழுத்துகளுக்கு மேலே இருக்கிற பட்டையில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் Translate என்பதைத் தொட வேண்டும். அங்கே காணவில்லை என்றால் நான்கு சதுரம் போட்ட குறியையோ மூன்று புள்ளியையோ தொட்டால் உள்ளே இருக்கும், விரலால் பிடித்து மேல் பட்டைக்கு இழுத்து வைத்துக்கொள்ளலாம். தொட்டதும் விசைப்பலகைக்கு மேல் ஒரு கட்டம் திறக்கும். இடது பக்கம் நாம் எழுதுகிற மொழி, வலது பக்கம் போய்ச் சேர வேண்டிய மொழி, நடுவில் இரண்டையும் இடம் மாற்றுகிற அம்புக்குறி. இதற்கு இணைய இணைப்பு வேண்டும். எழுதுவது வெளியே போய்த்தான் மொழிமாறித் திரும்புகிறது. அதனால் வங்கி விவரத்தையும் சம்பளக் கணக்கையும் நான் அந்தக் கட்டத்தில் எழுதுவதில்லை.

இப்போது திரையில் எழுதுகிற இடம் இரண்டாகிவிட்டதைக் கவனியுங்கள். மேலே வாட்ஸ்அப்பில் வழக்கமாகச் செய்தி எழுதும் பெட்டி இருக்கிறது. கீழே விசைப்பலகையோடு ஒட்டியபடி மொழிபெயர்ப்புக் கட்டம் இருக்கிறது. நாம் தமிழில் தட்டுவது கீழே உள்ள கட்டத்தில். தட்டத் தட்ட அதன் இந்தி மேலே உள்ள பெட்டியில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அனுப்பும் பொத்தானை அழுத்தினால் மேலே இருப்பதுதான் போகும். தமிழ் போகாது. உரையாடலில் அது பதிவாவதும் இல்லை. மறுநாள் பார்த்தால் நான் அனுப்பியதாக என்னால் படிக்க முடியாத எழுத்தில் ஒரு வரி இருக்கும், நான் என்ன சொன்னேன் என்பதற்கு என்னிடமே சாட்சி இருக்காது. டீ மணி விஷயத்தில் நான் எழுதிய தமிழ் எனக்கு நினைவில் இருந்ததால்தான் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது.

இந்தக் கட்டத்தில் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கடைசியாகத் தேர்ந்தெடுத்த மொழி ஜோடி அப்படியே நிற்கும். காலையில் மேஸ்திரிக்காகத் தமிழிலிருந்து இந்தி என்று வைத்தால், மதியம் வெளிநாட்டு பையரின் ஆளுக்கு ஆங்கிலத்தில் எழுதலாம் என்று திறக்கும்போதும் இந்திதான் இருக்கும். கட்டத்தைத் திறந்ததும் வலது பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் எழுத்தைத் தட்ட வேண்டும்.

இன்னொன்று, வருகிற செய்தியைப் படிப்பது. மேஸ்திரி இந்தியில் எழுதியதை நகலெடுத்து, அம்புக்குறியைத் தட்டி இந்தியிலிருந்து தமிழ் என்று மாற்றி, கட்டத்தில் ஒட்டினால் தமிழ் வரும். ஆனால் வருகிற இடம் எது? நாம் பதில் எழுதுகிற பெட்டி. படித்துவிட்டு அழிக்காமல் கை தவறி அனுப்பினால், அவர் சொன்னதே தமிழில் அவருக்குத் திரும்பிப் போய்விடும். இந்தத் தவறு நடந்து நான் பார்த்திருக்கிறேன். வருகிற செய்தியைப் படிக்க விசைப்பலகையைப் பயன்படுத்தாமல், தனியாக இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலியிலேயே ஒட்டிப் படிப்பது நல்லது. விசைப்பலகையின் கட்டத்தை எழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தி தெரியாத நான், போகிற இந்தி சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? எல்லோரும் முதலில் சொல்லும் வழி, திருப்பிப் பார்ப்பது. வந்த இந்தியை நகலெடுத்து மறுபடியும் தமிழுக்குக் கொண்டுவந்து, நாம் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். நல்ல வழிதான். பல தப்புகளை இது பிடித்துவிடும். ஆனால் என் மூன்று வரியில் இது பிடிக்காத தப்பு ஒன்று இருந்தது. நூல் என்று எழுதினேன். இந்தியில் அது புத்தகத்தைக் குறிக்கிற 'கிதாப்' ஆனது. அந்த 'கிதாப்' தமிழுக்குத் திரும்பினால் என்ன ஆகும்? புத்தகம் என்று வந்தால் எனக்குப் புரிந்துவிடும். ஆனால் தமிழில் புத்தகத்துக்கு நூல் என்றும் சொல்கிறோமே! 'நூல் வந்துவிட்டது' என்றே திரும்பி வரலாம். நான் எழுதிய அதே வரி எழுத்து பிசகாமல் வந்து நிற்கும், நான் சரி என்று அனுப்பிவிடுவேன். போகும்போது எந்த இரட்டைப் பொருள் ஏமாற்றியதோ, அதுவே திரும்பும்போது மறைத்தும் விடுகிறது.

அதனால் திருப்பிப் பார்ப்பதற்கு முன், என் வாக்கியத்திலேயே இரட்டைப் பொருள் சொல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். எங்கள் தொழிலில் நாள் முழுவதும் புழங்குகிற சொற்களில் இவை ஏராளம். மாலை என்றால் சாயங்காலமும் உண்டு, பூமாலையும் உண்டு. திங்கள் கிழமையும் ஆகும், மாதமும் ஆகும். ஆறு எண்ணும் ஆகும், நதியும் ஆகும். இவற்றுக்கு மாற்று கையிலேயே இருக்கிறது. நூல் என்பதற்கு '30 கவுண்ட் காட்டன் நூல் மூட்டை' என்று எழுதினால் புத்தகத்துக்கு இடமே இல்லை. மாலைக்கு 'மாலை 5 மணி'. எண்ணைச் சொல்லாக எழுதாமல் இலக்கமாகவே போட வேண்டும். ஆள் பெயர் ஒரு பொருளாகவும் இருந்தால், மலர், கனி, வெற்றி, மணி எல்லாம் அப்படித்தான், பெயரோடு வேலையைச் சேர்த்துவிட வேண்டும். 'ஸ்டோர் பொறுப்பாளர் மணி சார்' என்று எழுதினால் அது ஆள்தான் என்று தெளிவாகிவிடும். அப்படியும் தவறுகிற பெயர் என்றால், மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு அந்த இடத்தில் பெயரை மட்டும் கையால் ஆங்கில எழுத்தில் போட்டுவிடுகிறேன். Mani என்று எழுதினால் மேஸ்திரிக்குப் புரிகிறது.

சொல்லில் தெரிகிற குழப்பத்தைவிட, சொல்லாமல் விட்டதில் இருக்கிற குழப்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தமிழில் 'வரவில்லை' என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்புகிறோம். யார் வரவில்லை? நானா, அவனா, அவர்களா? அந்தச் சொல்லில் ஆள் இல்லை, ஆணா பெண்ணா என்பதும் இல்லை. நேற்று வரவில்லை என்றும் சொல்லலாம், நாளை வரவில்லை என்றும் சொல்லலாம், சொல் மாறாது. நமக்கு முன்பின் தெரிவதால் புரிகிறது. இயந்திரத்துக்கு முன்பின் தெரியாது, ஆனால் இந்தி வாக்கியத்துக்கோ ஆங்கில வாக்கியத்துக்கோ ஆளும் காலமும் வேண்டும். அது தானாக ஒன்றைப் போட்டு நிரப்பிவிடும். 'அவர்' என்று மரியாதையாகச் சொன்னால் தமிழில் ஆணும் பெண்ணும் அதில் அடக்கம். வேறு மொழியில் பெரும்பாலும் ஆணாகவே ஆகிவிடுகிறது.

எனக்கே இது நடந்தது. 'நான் வருகிறேன்' என்று தமிழில் யாரும் சொல்லலாம். இந்தியில் ஆண் சொன்னால் 'ஆத்தா ஹூன்', பெண் சொன்னால் 'ஆத்தீ ஹூன்'. மாதக்கணக்காக நான் அனுப்பிய செய்திகளெல்லாம் ஆண் பேசுவதாகவே போயிருக்கின்றன. அலுவலகத்தில் ஒரு சார்தான் எழுதுகிறார், அக்கா வெறுமனே அனுப்புகிறார் என்று மேஸ்திரி நினைத்திருந்தார். ஒருநாள் நேரில் வந்து, "அக்கா, அந்த சாரிடம் சொல்லுங்கள், இரண்டு ஆளுக்கு ரூம் வேண்டும்" என்றார். அதன் பிறகு 'நான்' என்று தொடங்குவதைக் குறைத்துக்கொண்டேன். 'அலுவலகத்திலிருந்து லதா மேடம் 4 மணிக்கு வருவார்' என்பது போல, ஆளைப் பெயராகவே வைத்து எழுதினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வருவதில்லை.

நாளை என்ற சொல்லையும் சொல்ல வேண்டும். இந்தியில் நேற்றுக்கும் 'கல்', நாளைக்கும் 'கல்'. வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று தெரியும். 'நாளை ஆறு பேர் போதும்' என்பதில் 'போதும்' காலத்தைக் காட்டாது. அதனால் கிழமையையும் தேதியையும் எழுதிவிடுகிறேன். 'சனிக்கிழமை, 14-ஆம் தேதி, 6 பேர் வர வேண்டும்' என்றால் எந்த மொழிக்குப் போனாலும் தேதி தேதிதான்.

இன்னொரு சின்ன விஷயம், பேச்சுத் தமிழ். 'வந்துடுச்சு', 'எறக்கிடுங்க' என்று நாம் பேசுவது போலத் தட்டினால் மொழிபெயர்ப்பு தடுமாறும். கொஞ்சம் புத்தகத் தமிழாகத் தோன்றினாலும் 'வந்துவிட்டது', 'இறக்கிவிடுங்கள்' என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை மட்டும்.

இப்போது கிளிப்போர்டுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான். நகலெடுத்தது எல்லாம் ஓரிடத்தில் வரிசையாகச் சேர்ந்திருக்கும், வேண்டியதைத் தொட்டால் எழுதுகிற இடத்தில் வந்து ஒட்டும். ஜிபோர்டில் மேல் பட்டையில் Clipboard என்று இருக்கும். முதல் தடவை அதை இயக்கிவிட வேண்டும். இயக்கினாலும், நகலெடுத்தது ஒரு மணி நேரம்தான் அங்கே இருக்கும், பிறகு தானாகவே போய்விடும். காலையில் சேர்த்தது மதியம் காணவில்லை என்று பலர் கேட்கிறார்கள். காணாமல் போகவில்லை, அதன் ஏற்பாடே அப்படித்தான். போகாமல் இருக்க வேண்டுமென்றால் அந்தத் துண்டை அழுத்திப் பிடித்து Pin என்பதைத் தொட வேண்டும். குத்திவைத்த துண்டு நாமாக அழிக்கிற வரை இருக்கும்.

எனக்கு ஒருநாள் தோன்றியது இது. மேஸ்திரிக்கு நான் அனுப்புவது தினமும் புதுப்புதுச் செய்தியா? இல்லை. லாரி வந்தது, இத்தனை மூட்டை, இன்னார் வந்ததும் இறக்குங்கள், இத்தனை பேர் வேண்டும், இன்றைக்கு இரவு வேலை உண்டு, மழை வருகிறது தார்ப்பாய் போடுங்கள். எண்ணிப் பார்த்தால் பதினொன்றோ பன்னிரண்டோ வாக்கியங்கள், அவற்றுக்குள் எண்ணும் தேதியும்தான் மாறுகின்றன. ஒவ்வொரு தடவையும் புதிதாக மொழிபெயர்த்து ஒவ்வொரு தடவையும் பயப்படுவதற்குப் பதில், ஒரே தடவை உட்கார்ந்து எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, இந்தி தெரிந்தவரிடம் காட்டித் திருத்தி, குத்திவைத்துவிட்டால் என்ன? அந்தத் தம்பியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து அதைத்தான் செய்தோம்.

செய்தபோது ஒரு சிக்கல் வந்தது. குத்திவைத்த பன்னிரண்டும் இந்தி எழுத்து. அவசரத்தில் எது மழைச் செய்தி, எது லாரிச் செய்தி என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு துண்டிலும் முதல் வரி தமிழ், இரண்டாம் வரி இந்தி என்று இரண்டையும் சேர்த்தே வைத்தோம். அனுப்புவதும் இரண்டு வரியாகவே. இப்போது கிளிப்போர்டைத் திறந்தால் முதல் வரியைப் பார்த்தே எது என்று எடுத்துவிடுகிறேன். மேஸ்திரி இரண்டாம் வரியைப் படிக்கிறார். அவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கிற எந்தத் தமிழ் ஆளிடமும் காட்டி முதல் வரியைப் படிக்கச் சொல்கிறார். உரையாடலில் என் தமிழும் பதிவாகிவிடுகிறது. நான் மறந்துபோனாலும் என்ன சொன்னேன் என்பது அங்கே இருக்கிறது.

புதிதாக ஒன்றை இப்படி இரண்டு வரியில் எழுதுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்புக் கட்டத்தைத் திறக்காமல், வழக்கமான பெட்டியில் தமிழை எழுதி முடியுங்கள். அதை அழுத்திப் பிடித்து முழுவதும் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். கடைசி எழுத்துக்குப் பின்னால் வந்து புது வரிக்குப் போங்கள். அதன் பிறகு Translate கட்டத்தைத் திறந்து, நகலெடுத்ததை உள்ளே ஒட்டுங்கள். இந்தி தமிழுக்குக் கீழே வந்து உட்காரும். வாட்ஸ்அப்பில் புது வரிக்குப் போகும் விசையை அழுத்தியதும் செய்தி போய்விடுகிறது என்றால், அமைப்புகளில் Enter is send என்பது இயக்கத்தில் இருக்கிறது, அதை நிறுத்திவிடுங்கள். இரண்டு வரி எழுதுகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை.

எண்களை மாற்றும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. துண்டை ஒட்டியதும் தமிழ் வரியில் 6 என்பதை 8 ஆக்கிவிட்டு, இந்தி வரியில் மாற்ற மறந்துவிடுவோம். எங்கள் துண்டுகளில் எண்ணுக்குப் பதில் இரண்டு வரியிலும் ___ என்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். நிரப்பாத கோடு கண்ணில் படும், பழைய எண் கண்ணில் படாது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள். அதன் சொந்த விசைப்பலகையில் இப்படி வரிசையாகச் சேர்த்துவைக்கும் கிளிப்போர்டு இல்லை, கடைசியாக நகலெடுத்தது மட்டும்தான் இருக்கும். அதற்கு அமைப்புகளில் Text Replacement என்று ஒன்று உண்டு. லாரி வந்தது என்ற செய்திக்கு lr1 என்று ஒரு சுருக்கம் கொடுத்துவிட்டால், lr1 என்று தட்டி இடைவெளி விசையைத் தொட்டதும் முழுச் செய்தியும் வந்துவிடும். ஜிபோர்டிலும் தனி அகராதிப் பகுதியில் இதைப் போலச் செய்யலாம்.

கிளிப்போர்டில் வைக்கக்கூடாதது எது என்று நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கடவுச்சொல், வங்கி அனுப்பும் ஒருமுறை எண், யாருடைய ஆதார் எண்ணும் வேண்டாம். நகலெடுத்தது மேல் பட்டையில் தானே வந்து நிற்கும், விரல் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் நாலு பேர் எடுக்கும் கைப்பேசி என்றால் கேட்கவே வேண்டாம்.

இனி, கேட்காமலே மொழி மாறிவிடுவது. இதைத்தான் எல்லோரும் முதலில் குறை சொல்வார்கள். தமிழில் எழுதிக்கொண்டே இருக்கிறோம், நடுவில் ஆங்கில எழுத்து வருகிறது, திருத்துவதற்குள் கோபம் வருகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் இடைவெளி விசையின் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே உருண்டை உலகப்படம் போட்ட விசை ஒன்று உண்டு. அதைத் தொட்டால் அடுத்த மொழிக்குப் போகும். கட்டைவிரல் இடைவெளி விசையைத் தேடிப்போய் அதைத் தொட்டுவிடுகிறது. இடைவெளி விசையை அழுத்திப் பிடித்தாலும் மொழி தேர்ந்தெடுக்கும் பட்டியல் திறக்கும்.

நான் இந்திச் செய்தி அனுப்புகிறேன் என்பதற்காக முதலில் விசைப்பலகையில் இந்தியையும் சேர்த்து வைத்திருந்தேன். தமிழ், ஆங்கிலம், இந்தி என்று மூன்று. தமிழிலிருந்து தெரியாமல் ஒருதடவை தொட்டால் ஆங்கிலம், திருத்த இன்னொரு தடவை தொட்டால் இந்தி. சுற்றி வர வேண்டும். பிறகுதான் விளங்கியது: இந்திக்கு மொழிபெயர்க்க இந்தி விசைப்பலகை தேவையே இல்லை. நான் இந்தியில் ஓர் எழுத்தும் தட்டப் போவதில்லை. மொழிபெயர்ப்புக் கட்டத்தின் மொழிப் பட்டியல் வேறு, விசைப்பலகையின் மொழிப் பட்டியல் வேறு. அமைப்புகளில் Languages பகுதிக்குப் போய் இந்தியை நீக்கினேன். இரண்டு மொழி மட்டும் இருக்கும்போது, தவறித் தொட்டாலும் அதே விசையை இன்னொரு தடவை தொட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறோம். விசையே தொல்லை என்றால் அமைப்புகளில் Preferences பகுதியில் அந்த உலகப்பட விசையை எடுத்துவிடலாம், மொழியை மாற்ற இடைவெளி விசையை அழுத்திப் பிடித்தால் போதும்.

கைப்பேசியை மாற்றியவர்களுக்கு வேறு ஒரு பொறி உண்டு. ஜிபோர்டில் இடைவெளி விசையின் மேல் விரலை இடமும் வலமும் தேய்த்தால், எழுதிய வரியில் குறி முன்னும் பின்னும் நகரும். எழுத்துப் பிழையைத் திருத்த மிக வசதி. சாம்சங்கின் சொந்த விசைப்பலகையில் அதே தேய்ப்பை மொழி மாற்றுவதற்கு என்று வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறது. ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் குறியை நகர்த்தப்போய் மொழியை மாற்றிவிடும். சாம்சங்கில் மொழி அமைப்புக்குள் போய், மாற்றுவது விசையாலா தேய்ப்பாலா என்ற இடத்தில் விசையை மட்டும் தேர்ந்தெடுத்தால் இது நின்றுவிடும்.

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவைக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜிபோர்டில் அதை abc → தமிழ் என்று காட்டும். அம்மா என்று வர amma என்று தட்டுகிறோம். விசைகளில் இருப்பதும் ஆங்கில எழுத்து, வெறும் ஆங்கில விசைப்பலகையிலும் அதே எழுத்து. பார்த்தவுடன் எது என்று தெரியாது. தமிழ் எழுத்தே விசைகளில் தெரிகிற பலகையில் மொழி மாறினால் கண் உடனே பிடித்துவிடும், இதில் பிடிக்காது. ஆங்கிலம் என்று நினைத்து பணம் அனுப்பும் முகவரியை எழுதினால் தமிழாகிவிடும். தமிழ் என்று நினைத்து நீளமாக எழுதினால் அத்தனையும் ஆங்கில எழுத்திலேயே கிடக்கும், போதாததற்கு ஆங்கிலத் திருத்தி அதற்குள் புகுந்து varen என்பதை Karen ஆக்கிவைத்திருக்கும். அப்படித் திருத்திய உடனே பின்னழிப்பு விசையை ஒருதடவை தொட்டால் நாம் தட்டியதே திரும்ப வரும். ஆனால் மொழி எது என்று பார்க்கிற இடம் ஒன்றுதான், இடைவெளி விசையின் மேலே எழுதியிருக்கும் பெயர். முதல் சொல்லைத் தட்டுவதற்கு முன் அங்கே ஒரு பார்வை.

மாறிப்போன மொழியில் ஓர் எழுத்து தங்கிவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வாட்ஸ்அப்பில் ஒன்றுமில்லை. ஆனால் வெளி ஆட்களுக்கு இன்னும் குறுஞ்செய்திதானே அனுப்புகிறோம். முழுக்க ஆங்கில எழுத்தில் இருக்கும் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். அதற்குள் தமிழ் எழுத்து ஒன்றே ஒன்று இருந்தாலும் செய்தி முழுவதும் வேறு குறியீட்டுக்கு மாறிவிடும், அதில் 70 தான் அடங்கும். 150 எழுத்துள்ள ஆங்கிலச் செய்தியின் கடைசியில் மொழி மாறியது தெரியாமல் ஒரு 'ந' விழுந்து கிடந்தால், ஒரு செய்தியாகப் போக வேண்டியது மூன்றாகப் போகும். துண்டு துண்டாகும்போது ஒவ்வொன்றிலும் 67 தான் கிடைக்கும். தமிழில் 'கொ' என்பதும் நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, அந்தக் கணக்கில் இரண்டு. எழுதும்போது எழுத்து எண்ணிக்கையைக் காட்டும் கைப்பேசி என்றால், மீதி எண் திடீரென்று குறைந்தது தெரிந்ததும் மேலே போய்த் தேடுங்கள், எங்கேயோ ஒரு தமிழ் எழுத்து இருக்கும்.

அந்த லாரிச் செய்தி இப்போது எங்கள் குடோனுக்கு எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். "30 கவுண்ட் காட்டன் நூல் ___ மூட்டைகள் லாரியில் வந்துள்ளன. ஸ்டோர் பொறுப்பாளர் மணி சார் எண்ணி முடித்த பிறகு இறக்குங்கள்." அதன் கீழே இந்தி. ஆள் கணக்கு தனிச் செய்தியாக: "___ கிழமை, ___ தேதி, ___ பேர் வேலைக்கு வர வேண்டும்." கீழே இந்தி. மணி என்ற இடத்தில் இந்தி வரியில் Mani என்று கையால் போட்டது. நூல் என்ற இடத்தில் தம்பி பார்த்துத் திருத்திய 'தாகா'.

போன மாதம் மேஸ்திரி தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவரும் கிளிப்போர்டில் குத்திவைத்திருக்கிறார், மேலே இந்தி, கீழே தமிழ். ஊரிலிருந்து வந்த புது ஆட்களுக்கு மெடிக்கல் கடையிலும் மளிகைக் கடையிலும் காட்ட ஆறு வாக்கியங்கள். தமிழ் வரிகளைப் படித்துப் பார்க்கச் சொன்னார். ஐந்து சரியாக இருந்தன. ஒன்றில் மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்க வேண்டிய இடத்தில் 'முன்' என்பது மட்டும் இருந்தது. சேர்த்துக் கொடுத்தேன். அவர் பழையதை அழித்துவிட்டுப் புதியதைக் குத்திவைத்துக்கொண்டார்.